ஒரு இலட்சம் வைப்பு ஐம்பது இலட்சம் ஆகுமா? வங்கி யாருடைய காசைக் கடன் கொடுக்குது?

#1 வர்த்தகப் பிரிவு

வணக்கம். உயர்தரப் பொருளியலில் வணிக வங்கிகளின் கடன் உருவாக்கம் படிக்கிறேன். கணக்குச் செய்ய வருது, விளங்கத்தான் வரல்ல.

பாடத்தில் உள்ளது இதுதான்: ஒருவர் 1 இலட்சம் வைப்பிடுகிறார். ஒதுக்கு விகிதம் 2% என்றால் வங்கி 2,000 ரூபாயை ஒதுக்கிவிட்டு 98,000 ரூபாயைக் கடன் கொடுக்கும். அந்த 98,000 இன்னொரு வங்கியில் வைப்பாகும், அதில் 2% போக மிச்சம் திரும்பக் கடனாகும். இப்படியே போய்க் கடைசியில் 50 இலட்சம்.

என்ட சந்தேகம்: களுவாஞ்சிகுடியில் அம்மாவுக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கு. புத்தகத்தில் ஒரு சதமும் குறையல்ல. இன்றைக்குப் போனாலும் முழுக்க எடுக்கலாம். அப்ப அந்த 98,000 ரூபாயை வங்கி யாருடைய கணக்கில் இருந்து எடுத்துக் கொடுத்தது?

#2 வெண்கட்டி

யாருடைய கணக்கிலும் கை வைக்கவில்லை, மகள். எல்லோரும் ஒரே நாளில் வந்து எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வங்கி நடக்கிறது. பெருக்கி என்பது 1 ÷ ஒதுக்கு விகிதம். 1 ÷ 0.02 = 50. ஒதுக்கு 4% ஆக இருந்தால் 25. ஆகவே மத்திய வங்கி விகிதத்தைக் கூட்டினால் பணம் சுருங்கும், குறைத்தால் விரியும். பரீட்சைக்கு இதையே எழுதுங்கள்.

#3 சம்மாந்துறை நெல்லு

ஐம்பது மடங்கு உருவாக்கலாமெண்டா எனக்கு 15 இலட்சம் ஏன் தரல்ல? போன போகத்துக்கு நெல்லு வாங்கக் கேட்டன். கிளையில "இப்ப ஃபண்ட் இல்ல" எண்டு திருப்பி அனுப்பினாங்க. எந்த வங்கி எண்டு சொல்லல்ல, வம்பு வேணாம். உருவாக்கிற ஆளுக்கு ஃபண்ட் இல்லாமப் போகுமா?

#4 ஐந்தொகை

மூன்று பேருக்கும் ஒரே கடனை வைத்துப் பதில் சொல்லலாம். கொஞ்சம் நீளும்.

ஒருவர் ஆலைக்கு இயந்திரம் வாங்கக் கல்முனையில் ஒரு வங்கியில் 20 இலட்சம் கடன் கேட்கிறார். அந்த வங்கியை 'அ' என்போம். கடன் அனுமதியானதும் வங்கியின் ஏட்டில் இரண்டே பதிவு விழும். சொத்துப் பக்கத்தில் 'கடன் 20 இலட்சம்'. பொறுப்புப் பக்கத்தில் 'கடனாளியின் நடைமுறைக் கணக்கு 20 இலட்சம்'. அவ்வளவுதான். பெட்டகம் திறக்கப்படவில்லை, களுவாஞ்சிகுடி அம்மாவின் கணக்கும் தொடப்படவில்லை. காலையில் இல்லாத 20 இலட்சம் வைப்பு பின்னேரம் இருக்கிறது. புதுப் பணம் என்பது அந்தப் பதிவுதான். நோட்டு அச்சடித்தது யாரும் இல்லை.

ஆகவே வர்த்தகப் பிரிவின் கேள்வியே பாடத்தில் உள்ள ஒழுங்கைப் பிழை என்று காட்டிவிடுகிறது. வைப்பு வந்து பிறகு கடன் போகவில்லை. கடன் எழுதும்போதே வைப்பு பிறக்கிறது. இங்கிலாந்தின் மத்திய வங்கி 2014இல் தன் காலாண்டு இதழில் இதைப் பச்சையாகவே எழுதியது. பல பாடநூல்கள் இன்னும் திருந்தவில்லை.

இனி 2% எங்கே வருகிறது? இந்த 20 இலட்சம் புதிய வைப்புக்கு 'அ' வங்கி மத்திய வங்கியில் உள்ள தன் கணக்கில் 40,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் கடன் வாங்கியவர் காசை வைத்து அழகு பார்க்கவா வாங்கினார்? அக்கரைப்பற்றில் இயந்திரம் விற்பவருக்குக் காசோலை எழுதுகிறார். விற்பவரின் கணக்கு 'ஆ' வங்கியில்.

காசோலை போனதும் கடனாளியின் வைப்பு அழிகிறது, விற்பவரின் வைப்பு 'ஆ' வங்கியில் உண்டாகிறது. 'ஆ' சும்மா அந்தப் பொறுப்பை ஏற்குமா? அதற்கு ஈடாக, மத்திய வங்கியில் உள்ள 'அ'வின் கணக்கில் இருந்து 20 இலட்சம் 'ஆ'வின் கணக்குக்கு மாற வேண்டும். இதுதான் ஒதுக்குப் பணம். நீங்களும் நானும் தொட முடியாத பணம், வங்கிகளுக்கு இடையே மட்டும் ஓடுவது.

இப்போது நிலைமையைப் பாருங்கள். கடனுக்கு முன் 'அ'விடம் ஒதுக்கு சரிமட்டமாக இருந்ததென்றால், இப்போது 20 இலட்சம் துண்டு விழுகிறது. 'ஆ'வுக்கு 20 இலட்சம் வந்தது. புதிய வைப்புக்கு 40,000 போதும். 19 இலட்சத்து 60 ஆயிரம் மிச்சம். 'ஆ' அந்த மிச்சத்தை ஓரிரவுக்கு 'அ'வுக்கே கடன் கொடுக்கலாம். கொடுத்த பிறகும் 'அ'வுக்கு 40,000 குறைகிறது. ஏனென்றால் நாட்டின் மொத்த வைப்பு 20 இலட்சத்தால் கூடிவிட்டது, அதற்குரிய 2% புதிதாகத் தேவை. அதை மத்திய வங்கியிடம்தான் வாங்க வேண்டும்.

வெண்கட்டி சேர், உங்கள் 50 இங்கேதான் இருக்கிறது. 40,000 × 50 = 20 இலட்சம். ஆனால் தலைகீழாக நிற்கிறது. 40,000 வந்ததால் 20 இலட்சம் பிறக்கவில்லை. 20 இலட்சம் பிறந்ததால் 40,000 தேவைப்பட்டது.

#5 கல்லாறு

ஐந்தொகை அக்கா சொன்ன முறை சரி. ஒரு திருத்தம் மட்டும். காசோலை எழுதிய அன்றே ஒதுக்கு மாறாது. காசோலையின் படம் தீர்வகத்துக்குப் போய், கணக்குத் தீர அடுத்த வேலை நாள் ஆகும்.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு காசோலைக்கும் தனித்தனியாக ஒதுக்கு மாறுவதில்லை. அன்று 'அ'வில் இருந்து மற்ற வங்கிகளுக்குப் போனது எவ்வளவு, மற்றவற்றில் இருந்து 'அ'வுக்கு வந்தது எவ்வளவு என்று கழித்து, மிஞ்சும் தொகைதான் மத்திய வங்கிக் கணக்கில் ஏறும் அல்லது இறங்கும். 'அ'வில் இருந்து 20 இலட்சம் போன அதே நாளில், 'ஆ' கொடுத்த ஏதோ ஒரு கடன் செலவாகி 'அ'வுக்கு 18 இலட்சம் வந்திருக்கலாம். அப்படியானால் மாறுவது 2 இலட்சம்தான்.

இதில் இருந்து ஒன்று விளங்கும். எல்லா வங்கிகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் கடன் கொடுத்தால் எவருக்கும் பெரிய துண்டு விழாது. ஒரு வங்கி மட்டும் மற்றவற்றை முந்தி ஓடினால், நாள் தவறாமல் அதற்குத் துண்டு விழும். தீர்வுக் கணக்கில் ஒரு வங்கி தொடர்ந்து கொடுக்கும் பக்கமாகவே நிற்கிறதென்றால் அதன் கடன், வைப்பைவிட வேகமாக ஓடுகிறதோ என்று அங்கேயே பார்க்கலாம்.

#6 ஐந்தொகை

திருத்தத்துக்கு நன்றி, தம்பி. நான் ஒரு காசோலையைத் தனியே பிரித்துக் காட்டியதில் அந்தக் கழிப்பு மறைந்துவிட்டது.

அதே மாதிரி, வாங்குபவரும் விற்பவரும் ஒரே வங்கியில் கணக்கு வைத்திருந்தால் ஒதுக்கு வெளியே போகவே போகாது. 40,000 மட்டும்தான் தேவை. பெரிய வங்கிகளுக்கு உள்ள வசதி இது. கிளை ஊரெல்லாம் இருந்தால் தான் எழுதிய கடன் தன்னிடமே வைப்பாகத் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

#7 வெண்கட்டி

நீங்கள் சொல்வதில் ஒரு நெருடல். துண்டு விழுந்தால் மத்திய வங்கியிடம் வாங்கலாம் என்றால், கட்டுப்பாடே இல்லையே? பிறகு எதற்கு நியதி ஒதுக்கு விகிதத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள்? இலங்கையில் 2021 செப்டெம்பர் 1 முதல் 2%ஐ 4% ஆக்கினார்கள். 2023 ஓகஸ்ட் 16 முதல் திரும்ப 2% ஆக்கினார்கள். விளையாட்டுக்கா?

#8 ஐந்தொகை

விளையாட்டுக்கு இல்லை, சேர். ஆனால் உங்கள் சூத்திரப்படி 2021இல் பெருக்கி 50இல் இருந்து 25 ஆகி, நாட்டின் வைப்பில் பாதி மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. 2023இல் 25இல் இருந்து 50 ஆகி இரட்டித்திருக்க வேண்டும். இரட்டிக்கவில்லை. அப்போது வங்கிகளுக்கு ஏறத்தாழ 200 பில்லியன் ரூபாய் ஒதுக்கு விடுபட்டது. ஆனால் நெருக்கடி முடிந்து மூச்சு வாங்கிய காலம் அது. கடன் கேட்க ஆள் குறைவு, கேட்டவர்களுக்குக் கொடுக்க வங்கிக்கும் பயம். ஒதுக்கு கூடியதும் கடன் தானாக ஊறவில்லை.

கட்டுப்பாடு தொகையில் இல்லை, விலையில் இருக்கிறது. மத்திய வங்கியின் துணைநில் கடன் வசதியில் ஓரிரவுக்குப் பணம் எடுக்கலாம். அரசாங்கப் பிணையங்களை ஈடு வைக்க வேண்டும், வட்டி கொடுக்க வேண்டும். 2025 மே மாதம் ஓரிரவுக் கொள்கை வீதம் 7.75% ஆனது. கடன் வசதி அதற்கு மேல் அரை வீதம், அதாவது 8.25%. நமது 20 இலட்சத்துக்கு ஓரிரவு வட்டி 20,00,000 × 8.25% ÷ 365, சுமார் 452 ரூபாய். இதே கணக்கை 2022 ஏப்ரல் 8ஆம் திகதி அறிவித்த 14.5%இல் செய்தால் சுமார் 795 ரூபாய். ஒரு இரவுக்கு. வருடம் முழுக்க அப்படி ஓட முடியுமா? அதனால்தான் வங்கி வைப்புக்கு வட்டியைக் கூட்டி உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். கடனுக்கும் வட்டியைக் கூட்டும். கடன் கேட்பவர் பின்வாங்குவார். பணம் உருவாவது குறைவது இந்த வழியால்.

விகிதத்தைக் கூட்டினால் என்ன நடக்கும் என்றால், வட்டியில்லாமல் மத்திய வங்கியில் முடங்கிக் கிடக்கும் தொகை கூடும். அது வங்கிக்கு ஒரு வரி மாதிரி. அதற்கும் விலை இருக்கிறது, ஆனால் 50, 25 என்று துள்ளும் பெருக்கி இல்லை.

#9 படுவான்கரை

பார்த்தீர்களா, ஒன்றுமில்லாததில் இருந்து பணத்தை எழுதிவிட்டு அதுக்கு வட்டியும் வாங்குறாங்கள். உழுது விதைத்து நெல்லு எடுக்கிறவன் முட்டாள். இதில இன்னொரு தந்திரமும் இருக்கு: முதலைத்தான் உருவாக்கினாங்கள், வட்டியை உருவாக்கல்ல. அப்ப வட்டி கட்டுற காசு எங்கிருந்து வரும்? ஒருத்தன்ட காசை இன்னொருத்தன் பறிச்சாத்தான் கடன் அடையும்.

#10 ஐந்தொகை

பாதி சரி, அண்ணே. பதிவால் பணம் பிறக்கிறது என்பது சரி. 'ஒன்றுமில்லாததில் இருந்து' என்பது சரியில்லை. வங்கி எழுதிய வைப்பு ஒரு வாக்குறுதி. கேட்ட நேரத்தில் நோட்டாகவோ இன்னொரு வங்கிக்கோ மாற்றிக் கொடுக்க வேண்டும். எழுதுவது இலேசு, காப்பாற்றுவதுதான் சிரமம். #4இல் 'அ' பட்ட பாடு அதுதான்.

வட்டிக்கு வருவோம். முதலும் வட்டியும் கட்டும்போது இரண்டு வேறு காரியம் நடக்கிறது. கடனாளி முதலில் 50,000 ரூபாய் கட்டினால் அவரது வைப்பில் 50,000 குறையும், வங்கியின் கடன் சொத்திலும் 50,000 குறையும். அந்தப் பணம் எங்கும் போகவில்லை, அழிந்துவிட்டது. பிறந்த பதிவுக்கு எதிர்ப்பதிவு. ஆனால் வட்டியாக 20,000 கட்டினால் அது வங்கியின் வருமானம். அதில் இருந்து வைப்பாளருக்கு வட்டி, ஊழியருக்குச் சம்பளம், கட்டட வாடகை, வரி என்று திரும்ப ஆட்களின் கணக்குகளுக்கு வரும். ஒரே ரூபாய் வருடத்துக்குள் பல முறை வட்டியாகப் போய்ச் சம்பளமாக வரலாம். ஆகவே வட்டிக்கென்று தனியே பணம் பிறந்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் பயம் உண்மையாகும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் கடனை அடைத்து, புதுக்கடன் யாரும் வாங்காவிட்டால், பிறப்பதைவிட அழிவது கூடும். அப்போது கடைத்தெருவில் காசு இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது கண்கட்டு அல்ல, கணக்கு.

#11 சம்மாந்துறை நெல்லு

என்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல்ல.

#12 ஐந்தொகை

வருகிறேன் நானா. "ஃபண்ட் இல்லை" என்பது கிளையில் மரியாதையாகச் சொல்லும் சொல். பெரும்பாலும் ஒதுக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் பழைய கடன்களைக் காட்டும் கிறிப் அறிக்கை, ஈடு, கிளை முகாமையாளருக்கு உள்ள அனுமதி எல்லை, நெல் வியாபாரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று தலைமையகம் வைத்த வரம்பு, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். எது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் வங்கி முழுவதற்கும் உண்மையான கட்டை ஒன்று இருக்கிறது. அது மூலதனம். பங்குதாரரின் சொந்தப் பணம். இங்குள்ள விதிப்படி இடர் நிறையிட்ட சொத்துகளுக்கு, அதாவது ஒவ்வொரு கடனையும் அதன் ஆபத்துக்கு ஏற்ப நிறை போட்டுக் கூட்டிய தொகைக்கு, மொத்த மூலதனம் குறைந்தது 12.5% வேண்டும். பெரிய வங்கிகளுக்கு அதற்கும் மேல். ஈடில்லாத சாதாரண வியாபாரக் கடனுக்கு முழு நிறை என்று வையுங்கள். 20 இலட்சம் கடனுக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம் மூலதனம் பின்னால் நிற்க வேண்டும். ஒதுக்கு 40,000 ரூபாயை ஓரிரவில் கடன் வாங்கலாம். மூலதனம் 2,50,000 ரூபாயை அப்படி வாங்க முடியாது. இலாபத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது புதுப் பங்கு விற்க வேண்டும்.

இனி அந்த 20 இலட்சம் திரும்பி வராத அறாக்கடனாகிவிட்டது என்று வையுங்கள். இயந்திரம் விற்றவரின் வைப்பு 'ஆ' வங்கியில் அப்படியே இருக்கிறது. உருவான பணம் அழியவில்லை. 'அ'வின் சொத்துப் பக்கத்தில் 20 இலட்சம் வெட்டப்படுகிறது, அதே அளவு மூலதனத்தில் குறைகிறது. அந்த 20 இலட்சம் மூலதனம் 12.5% கணக்கில் 160 இலட்சம் கடனைத் தாங்கி நின்றது. ஒரு கடன் விழுந்ததில் ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்குக் கடன் கொடுக்கும் திறன் போய்விட்டது. அறாக்கடன் கூடிய காலத்தில் நல்ல வியாபாரிக்கும் கடன் கிடைக்காமல் போவது இதனால்தான். உங்களுக்கு நடந்தது இதுவா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

#13 எழுவான்கரை

எல்லாத்தையும் வாசிச்சாப் பயமா இருக்கு. எங்கட அப்பாட ஓய்வுக்காசு நிலையான வைப்பில கிடக்கு. அதைத்தான் கடனாக் கொடுத்து, ஆள் கட்டாம விட்டா எங்கட காசு போயிருமா? உடைச்சு எடுக்கிறதா?

#14 கல்லாறு

அக்கா சொன்னதுக்கு நேர் எதிராக விளங்கிக்கொண்டீர்கள். உங்கள் அப்பாவின் காசை எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு கடன் விழுந்தால் முதல் அடி பங்குதாரரின் மூலதனத்துக்கு. அது முழுக்கத் தீர்ந்த பிறகுதான் வைப்பாளர் பக்கம் வரும். அப்படி வந்தாலும் வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரை பாதுகாப்பு உண்டு. ஒரே வங்கியில் மூன்று கிளையில் போட்டாலும் ஒரு நிறுவனம்தான். அதற்கு மேல் தொகை என்றால் இரண்டு நிறுவனமாகப் பிரிப்பதை யோசிக்கலாம். இதை வாசித்ததற்காக உடைக்க வேண்டாம்.

#15 வர்த்தகப் பிரிவு

இப்ப விளங்குது. ஆனா ஒன்று. நோட்டாக எடுத்தா என்ன நடக்கும்? இங்க அறுவடை நேரம் எல்லாரும் காசாகத்தானே கேட்பார்கள்? வெட்டுக்கூலியைக் காசோலையில் வாங்க ஆள் இல்லையே.

#16 ஐந்தொகை

நல்ல இடத்தைத் தொட்டுவிட்டாய். பெருக்கி 50 ஆகாமல் போவதற்கு முதற் காரணமே அதுதான்.

பெரும்போக அறுவடை நேரம் சம்மாந்துறையில் ஒரு வியாபாரி தன் கணக்கில் இருந்து 5 இலட்சத்தை நோட்டாக எடுக்கிறார். பொதுமக்களிடம் உள்ள பணம் மாறவில்லை. வைப்பு 5 இலட்சம் குறைந்தது, கையில் நோட்டு 5 இலட்சம் கூடியது. ஆனால் வங்கிக்கு நடப்பதைப் பார். அந்த நோட்டைக் கிளைக்குக் கொண்டுவர மத்திய வங்கிக் கணக்கில் இருந்து 5 இலட்சம் கழிக்கப்படும். வைப்பு குறைந்ததால் தேவையான ஒதுக்கு குறைவது 10,000 மட்டுமே. நிகரத் துண்டு 4 இலட்சத்து 90 ஆயிரம்.

வைப்பாக இருந்தவரை அந்த 5 இலட்சத்தைத் தாங்க 10,000 போதும். நோட்டாக மாறியதும் ஒன்றுக்கு ஒன்று வேண்டும். ஆகவே மக்கள் கையில் வைக்கும் நோட்டின் அளவுதான் பெருக்கியைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது, 2% மட்டும் அல்ல.

கணக்காகச் செய்து பார். 100 ரூபாய் வைப்புக்கு மக்கள் 10 ரூபாய் நோட்டாக வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு எடு. மொத்தப் பணம் 110. அதன் அடியில் உள்ள மத்திய வங்கிப் பணம் நோட்டு 10, ஒதுக்கு 2, ஆக 12. 110 ÷ 12 = 9.17. ஒதுக்கை 4% ஆக்கினால் 110 ÷ 14 = 7.86. பாதியாகவில்லை, ஏழில் ஒரு பங்குதான் குறைகிறது. வங்கிகள் தேவைக்கு மேலும் ஒதுக்கு வைத்திருந்தால் இன்னும் குறையும்.

அறுவடை முடிந்து அந்த நோட்டு கடைகளுக்குப் போய், கடைக்காரர் வங்கியில் போட்டதும் மறுகா எல்லாம் எதிர்த்திசையில் நடக்கும். நோன்புப் பெருநாள், சித்திரை வருடப் பிறப்பு நேரங்களிலும் இதே ஏற்ற இறக்கம்தான்.

#17 வெண்கட்டி

இந்த 9.17ஐ நானே இருமுறை போட்டுப் பார்த்தேன். சரி. வகுப்பில் நோட்டுக் கசிவு என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவோம். அது இவ்வளவு பெரியது என்று எண்ணவில்லை. ஆனாலும் மாணவருக்கு ஒரு எச்சரிக்கை: வினாத்தாளில் கசிவு இல்லை, மிகை ஒதுக்கு இல்லை என்று கொடுத்தால் விடை 1 ÷ விகிதம்தான். அங்கே 'ஐந்தொகை அக்கா சொன்னா' என்று எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.

#18 காத்தான்குடிக் கடைத்தெரு

ஒரு வேறு கேள்வி. எங்கட பக்கம் பலர் வட்டி இல்லாத முறையில முராபஹா செய்றாங்க. வங்கி சாமானை வாங்கி, இலாபம் வைத்து நமக்குத் தவணைக்கு விற்கும். கடனே கொடுக்கல்லத்தானே? அப்ப அதில புதுப்பணம் பிறக்காது. சரியா?

#19 ஐந்தொகை

பணம் பிறக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மார்க்க விளக்கம் என் வேலை இல்லை. வங்கி அந்தச் சாமானை விற்றவருக்கு எப்படிக் காசு கொடுக்கிறது? அவரது கணக்கில் வரவு வைக்கிறது. அந்த நொடியில் ஒரு வைப்பு புதிதாக உண்டாகிறது. சொத்துப் பக்கத்தில் 'கடன்' என்பதற்குப் பதிலாக முதலில் சாமானும், உங்களுக்கு விற்ற பிறகு 'வரவேண்டியது' என்றும் எழுதுவார்கள். ஒதுக்கு 2%, மூலதனம், தீர்வு எல்லாம் அப்படியே. நீங்கள் தவணை கட்டக் கட்டப் பணம் அழிவதும் அப்படியே.

#20 காத்தான்குடிக் கடைத்தெரு

ஆனா முளாரபா வைப்பில நட்டம் வந்தா வைப்பாளரும் பங்கெடுக்க வேணும். கேட்ட உடனே முழுசாத் தர வேண்டிய வாக்குறுதி இல்லையே. அதைப் பணமெண்டு சொல்லலாமா?

#21 ஐந்தொகை

அது நல்ல எதிர்வாதம். விற்றவர் கையில் வந்தது நடைமுறைக் கணக்கு வைப்பு என்றால் பணம்தான். அவர் அதை முளாரபாவுக்கு மாற்றிய பிறகு அது பணமா, பங்கு மாதிரியா என்பதில் எனக்கே இரண்டு எண்ணம் இருக்கிறது.

#22 படுவான்கரை

எங்கட ஊர்க் கடன் சங்கமும் இப்படிப் பணம் எழுதுதா?

#23 கல்லாறு

இல்லை. அங்கேதான் பாடத்தில் உள்ள கதை பொருந்தும். சங்கத்தின் காசு ஒரு வணிக வங்கிக் கணக்கில் கிடக்கும். உங்களுக்கு ஒரு இலட்சம் கடன் தந்தால் அந்தக் கணக்கில் ஒரு இலட்சம் குறைந்து உங்களிடம் வரும். இருந்த பணம் கை மாறியது. கணக்கில் காசு இல்லையென்றால் சங்கத்தால் கொடுக்கவே முடியாது. சீட்டும் அப்படித்தான். வித்தியாசம் எங்கே என்றால், வங்கியின் வாக்குறுதியைக் கடைக்காரர் பணமாக ஏற்கிறார், சங்கத்தின் பாஸ் புத்தகத்தைக் காட்டி அரிசி வாங்க முடியாது.

நிதிக் கம்பனியும் இந்தப் பக்கம்தான் என்பேன். வைப்பு எடுத்தாலும் நடைமுறைக் கணக்கு இல்லை, கடனை வங்கிக் காசோலையில்தான் கொடுக்கும்.

#24 ஐந்தொகை

நிதிக் கம்பனியில் உடன்படமாட்டேன். மத்திய வங்கியே மிக அகன்ற பண அளவில் அவற்றின் வைப்பையும் சேர்க்கிறது. கம்பனி கொடுத்த காசோலை சுற்றிவந்து இன்னொருவரின் வைப்பாக அதே கம்பனிக்குள் விழுந்தால், பழைய வைப்பாளருக்கும் காசு இருக்கிறது, புதியவருக்கும் இருக்கிறது. கூடியதா இல்லையா?

#25 கல்லாறு

கூடியது வைப்பு. செலவழிக்கக்கூடிய பணம் கூடவில்லை. அந்த வைப்பை எடுக்க வந்தால் கம்பனி திரும்பவும் வங்கிக் கணக்கைத்தான் தட்ட வேண்டும்.

#26 வர்த்தகப் பிரிவு

அப்ப வங்கியும் எடுக்க வந்தா மத்திய வங்கிக் கணக்கைத்தானே தட்டுது? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

#27 வெண்கட்டி

இதற்கு நானும் பதில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

#28 சம்மாந்துறை நெல்லு

எழுத்தில கேட்டுப் பார்த்தன். "கிறிப்பில ஒரு பழைய லீசிங் நிலுவை காட்டுது" எண்டாங்க. அது கட்டி முடிச்ச லீசிங். கட்டி முடிச்ச கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்கன்.